மாமாவின் கைனெடிக், பீரோவில் கிடந்த ஈக்கோ-டிரைவ்: இரண்டு வாட்ச்களுக்குச் செல் மாற்றிய கதை

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா தன் சீக்கோ வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. "பேட்டரியே வேணாம், கையை ஆட்டினாலே ஓடும்னு சொல்லித்தான் வித்தான். மூணு வருஷம் முன்னாடி நின்னுபோச்சு. கடையில பேட்டரி மாத்திக் கொடுத்தான், ஏழெட்டு மாசம் ஓடிச்சு, மறுபடியும் படுத்துடுச்சு. நீ வேணா பாரு" என்றார்.

பேட்டரியே வேண்டாம் என்று விற்ற வாட்சுக்குக் கடையில் எந்தப் பேட்டரியை மாற்றினார்கள் என்று அப்போதே மனத்தில் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பின்மூடியை லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தேன். 5M43 என்று தொடங்கும் எண். சீக்கோவில் முதல் நான்கு எழுத்துகள் காலிபரைக் குறிக்கும், அதாவது உள்ளே இருக்கும் இயந்திரத்தை. தனியாக இருந்த தொடர் எண்ணின் முதல் இலக்கம் 7. தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். மாமா வாங்கிய காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் 1997-இல் செய்தது.

கைனெடிக் என்று சீக்கோ பெயரிட்ட இந்த வகை வாட்சை லேசாக ஆட்டிவிட்டுக் காதில் வைத்தால் 'கிர்ர்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு மையத் திருகைச் சுற்றி ஆடுகிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்சிலும் இதே தகடு உண்டு, ஆனால் அங்கே அது ஸ்பிரிங்கை முறுக்கும். இங்கே அது சில பல்சக்கரங்கள் வழியாக ஒரு குட்டிக் காந்தத்தைச் சுழற்றுகிறது. தகடு நிதானமாக ஆடினாலும் பல்சக்கரங்கள் வேகத்தைப் பெருக்கிக் கொடுப்பதால், காந்தம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும் என்று சீக்கோ சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலில் மாறுமின்சாரம் பிறக்கிறது. அதை நேர்மின்சாரமாக்கிச் சேமிப்பில் போடுகிறார்கள். சைக்கிள் டைனமோவை விரல் நகத்தளவு சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தச் சேமிப்பிலிருந்து ஓடுவது வழக்கமான குவார்ட்ஸ் வாட்ச்தான்.

மாமாவின் வாட்சில் கிர்ர் சத்தம் நன்றாகவே கேட்டது. அப்படியானால் தகடும் சக்கரங்களும் சுற்றுகின்றன. இருநூறு தடவை ஆட்டியும் விநாடி முள் அசையவில்லை. ஒன்று காயில் அறுந்திருக்க வேண்டும், இல்லை சேமிப்பு செத்திருக்க வேண்டும்.

பின்மூடியைத் திறந்தேன். உள்ளே பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தகட்டின் ஓரமாக வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மையத் திருகைக் கழற்றித் தகட்டை எடுத்ததும், செல் இருக்க வேண்டிய குழியில் 371 என்று பொறித்த சாதாரண சில்வர் ஆக்சைடு பட்டன் செல். ஓரத்தில் உப்புப் பூத்து, அடியில் ஒரு தகட்டுத் துண்டை மடித்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் தெரிந்தது. இந்த வாட்சுக்கான ரீசார்ஜ் செல்லின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 2. 371-உம் கிட்டத்தட்ட அதே அளவு. மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்: அது 1.55 வோல்ட், இது 1.5. போட்டால் ஓடும். ஆனால் சில்வர் ஆக்சைடு செல் ஒருதடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய சரக்கு. கையில் கட்டி நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அதற்குள் மின்சாரம் திணிக்கப்படுகிறது. உள்ளே வாயு உண்டாகும், அழுத்தம் ஏறும், கடைசியில் காரத் திரவம் ஓரம் வழியாகக் கசியும். ஏழெட்டு மாதம் ஓடியதே பெரிய விஷயம்.

இந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் ஒரிஜினல் செல்லில் ஒரு சிறிய தகட்டுக் காதை வெல்ட் செய்து அனுப்புகிறார்கள். அந்தக் காது இல்லாத செல் குழியில் சரியாக உட்காராது. காது இல்லாத இடத்தில் மடித்த தகடு தெரிந்தால், யாரோ அந்தப் பூட்டை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, சுத்தம் செய்ய வேண்டும். கசிந்தது காரம் என்பதால் பஞ்சு சுற்றிய பல்குத்தும் குச்சியில் ஒரே ஒரு துளி வினிகர் தொட்டுப் பொடி படிந்த இடங்களில் மட்டும் ஒற்றினேன். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த புதுக் குச்சியால் இரண்டு முறை துடைத்தேன். காயில் பக்கம் குச்சியைக் கொண்டுபோகவே கூடாது. அந்தச் செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, நகம் பட்டாலே அறுந்துவிடும். அறுந்தால் ஆட்டம் முடிந்தது. துடைத்து முடித்ததும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் காயிலின் இரு முனைகளைத் தொட்டேன். சில நூறு ஓம் காட்டியது. மூச்சு வந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு விபத்து. தகட்டைப் பிடிக்கும் மையத் திருகை இரும்பு ட்வீசரால் எடுத்து வைத்தேன். அது கையிலிருந்து தாவி அந்தக் குட்டிக் காந்தத்தின் மீது போய் ஒட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் காந்தம் அளவில் சிறியதே தவிர இழுவையில் சிறியதில்லை. திருகை எடுக்கப் பத்து நிமிடம் வியர்த்தேன். மறுநாள் பித்தளை ட்வீசர் வாங்கினேன், பிளாஸ்டிக் ட்வீசரும் போதும்.

1997-இல் வெளிவந்தபோது இந்த வாட்சுக்குள் செல் கிடையாது, இரட்டை அடுக்குக் கெப்பாசிட்டர் ஒன்றுதான் இருந்தது. கெப்பாசிட்டர் என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி: தண்ணீர் குறையக் குறைய அழுத்தமும் குறைந்துகொண்டே போகும். அதனால் சீக்கோ உள்ளே மின்னழுத்தத்தை இரண்டு, மூன்று மடங்கு உயர்த்திக் கொடுக்கும் சுற்று ஒன்றை வைத்தது. அப்படி இருந்தும் முழுச் சார்ஜில் சில நாட்கள்தான் ஓடும். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் அடுத்த வார நடுவில் நின்றிருக்கும். வயது ஏற ஏற உள்ளே இருக்கும் திரவம் வறண்டு, பிடிக்கும் அளவும் குறைந்துகொண்டே வரும். கையில் இருக்கும்வரை ஓடும், இரவு மேசையில் வைத்தால் காலையில் நின்றிருக்கும் என்றால் கெப்பாசிட்டர் முடிந்துபோனதற்கு அதுவே அடையாளம். மாமாவுக்கும் முதலில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. கேட்டால், "ஆமா, ராத்திரி படுத்து எழுந்தா நேரம் தப்பா இருக்கும், எனக்குத்தான் கை ஆடலையோன்னு நினைச்சேன்" என்றார்.

பிற்பாடு கெப்பாசிட்டருக்குப் பதில் டைட்டானியம்-லித்தியம் ரீசார்ஜ் செல் வந்தது. பழைய காலிபர்களுக்கும் அதையே மாற்றாகக் கொடுக்கிறார்கள். 5M43-க்கு உரிய கிட்டின் எண் `3023-5MZ`. காது வெல்ட் செய்த செல் அதிலேயே வரும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. வாங்கும்போது காலிபர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அளவு மட்டும் சொன்னால் மறுபடி ஒரு 371 கைக்கு வரும்.

மாற்றுவது சுலபம். பிடிப்புத் தகட்டின் திருகுகளைத் தளர்த்திப் பழையதை எடுத்து, இன்சுலேட்டர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, புதியதை உட்காரவைத்து, திருகுகளைப் பூட்ட வேண்டும். செல்லை எந்த உலோக ட்வீசராலும் மேலும் கீழுமாகப் பிடிக்கக் கூடாது, ஷார்ட் ஆகும். பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பிறகு தகடு, மையத் திருகு. பின்மூடி வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினேன்.

விநாடி முள் ஓடத் தொடங்கியது, ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரட்டைத் தாவலாக. இதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். 'சார்ஜ் குறைவு' என்று வாட்ச் சொல்லும் விதம் அது, அவ்வளவுதான். வாட்சை அகலமாக, கிட்டத்தட்ட 20 செ.மீ. வளைவில், விநாடிக்கு இரண்டு வீச்சாக ஆட்டினேன். வேகமாகக் குலுக்குவதில் பயனில்லை, தகடு முழுச்சுற்று சுற்றுவதற்கு நேரம் வேண்டும். டிவியில் ஒரு சீரியல் முடிவதற்குள் முள் ஒற்றை விநாடி நடைக்கு வந்துவிட்டது.

கை வலிக்கிறது என்றால் வேறு வழி இருக்கிறது. சீக்கோவே `YT02A` என்று ஒரு சார்ஜர் விற்றது. வாட்சை அதன்மேல் வைத்தால் மாறும் காந்தப்புலம் உள்ளே இருக்கும் காயிலில் நேரடியாக மின்சாரத்தைத் தூண்டும், தகடு ஆட வேண்டியதே இல்லை. அதே தத்துவத்தில் எலெக்ட்ரிக் டூத்பிரஷ் சார்ஜர் மேல் வைப்பவர்களும் உண்டு. நான் சும்மா கையில் கட்டிக்கொண்டேன், ஒரு வாரம் நடந்தால் போதும்.

2 மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பித்தானை அழுத்தினால் விநாடி முள் 5, 10, 20 அல்லது 30 விநாடி முன்னால் குதிக்கும். எவ்வளவு தூரம் குதிக்கிறதோ அவ்வளவு சார்ஜ். ஆனால் பழைய காலிபரில் புதுச் செல் போட்ட பிறகு இந்தக் கணக்கை நம்பக் கூடாது. அந்தச் சுற்று அளப்பது மின்னழுத்தத்தை, அதுவும் கெப்பாசிட்டரின் சரிவை மனத்தில் வைத்து. லித்தியம் செல் தன் சார்ஜின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். அதனால் முள் காட்டுவது ஒரு குத்துமதிப்புதான்.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மனைவி பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். "ஏங்க, இதையும் பாத்துடுங்களேன். வெயில்ல வெச்சாலே ஓடும்னீங்க, ஓடலையே." சிட்டிசன் ஈக்கோ-டிரைவ். கல்யாணத்துக்கு வந்த பரிசு. குழந்தை பிறந்ததும் கழற்றி வைத்தது, நான்கு வருடமாக இருட்டில் கிடந்திருக்கிறது.

சூரிய ஒளியில் ஓடும் வாட்சில் டயலுக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் சோலார் தகடு இருக்கும். டயல் பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒளி ஊடுருவும். அதற்குக் கீழே கிடைக்கும் ஒளியே போதும், ஏனென்றால் வாட்சின் பசி அவ்வளவு சிறியது. எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வாட்சில் இருந்தது MT621, டைட்டானியம்-லித்தியம் செல், கொள்ளளவு 2.5 மில்லி ஆம்பியர் மணி. முழுச் சார்ஜில் ஆறு மாதம் ஓடும் வாட்ச். 180 நாள் என்றால் 4320 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்குமணி இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஒருநாள் செலவு 14 மைக்ரோ ஆம்பியர் மணி, மொத்தச் சேமிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தச் செல் நீண்டகாலம் உழைப்பதன் ரகசியம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஃபோன் பேட்டரி தினமும் பாதிக்குமேல் காலியாகி மறுபடி நிரம்புகிறது, அதனால் மூன்று நான்கு வருடத்தில் களைத்துவிடுகிறது. தினமும் கட்டும் வாட்சின் செல் எப்போதும் நிரம்பி வழியும் குடம். ஒரு சொட்டு போகும், ஒரு சொட்டு வரும். இருபது வருடம் கழித்தும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்று சிட்டிசன் சொல்வது இந்த மாதிரிப் பயன்பாட்டுக்குத்தான். பீரோவில் அடியோடு வறண்டு வருடக்கணக்கில் கிடக்கும் செல்லுக்கு அது பொருந்தாது. அடியோடு காலியான நிலையில் நெடுநாள் இருந்தால், செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்தடை ஏறிவிடும், பிடிக்கும் அளவும் சுருங்கிவிடும்.

நேரடி வெயிலில் வைக்கவில்லை. சென்னை மொட்டைமாடி வெயிலில் கறுப்பு டயல் வைத்த வாட்ச் தொடமுடியாத சூடு ஏறும். 60 டிகிரியைத் தாண்டினால் செல்லுக்கும் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. தவிர அவ்வளவு வெயிலுக்கு அவசியமும் இல்லை. ஈக்கோ-டிரைவ் கையேடுகளில் ஒருநாள் ஓட்டத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்று அட்டவணை கொடுப்பார்கள், மாடலுக்கு மாடல் சற்று மாறும். 500 லக்ஸ் அலுவலக வெளிச்சத்தில் சுமார் நான்கு மணி நேரம். 10,000 லக்ஸ் மேகமூட்ட வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு லட்சம் லக்ஸ் உச்சி வெயிலில் இரண்டு மூன்று நிமிடம். கடைசி இரண்டையும் பாருங்கள்: ஒளி பத்து மடங்கு, பலன் நான்கைந்து மடங்குதான்.

அதனால் படிக்கும் மேசையின் எல்.இ.டி. விளக்குக்கு அடியில் ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். ஃபோன் ஆப் அந்த இடத்தில் எட்டாயிரம் லக்ஸ் சொன்னது. குண்டு பல்பு வேண்டாம், ஒளியைவிடச் சூடுதான் அதிகம். சில மணி நேரத்தில் முள் இரட்டைத் தாவலில் எழுந்தது, அடுத்த நாள் ஒற்றை நடைக்கு வந்தது. மனைவிக்குச் சந்தோஷம். இன்னும் இரண்டு நாள் அங்கேயே விட்டுவிட்டு ஷூ டப்பாவில் போட்டு மூடினேன்.

இந்த இருட்டு டப்பாச் சோதனையைச் செய்யாமல் எந்தச் சோலார் வாட்சையும் 'சரியாகிவிட்டது' என்று சொல்ல மாட்டேன். வெளிச்சத்தில் ஓடுவது செல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தகடு அப்போதைக்கப்போது கொடுக்கிறது, வாட்ச் அப்போதைக்கப்போது சாப்பிடுகிறது. வெளிச்சம் போனதும்தான் சேமிப்பின் லட்சணம் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் நின்றிருந்தது. மறுபடி சார்ஜ், மறுபடி டப்பா. இந்த முறை நான்கு நாள். ஆறு மாதம் ஓட வேண்டிய செல். மூடியைத் திறந்து செல்லை வெளியே எடுத்து அளந்தேன். மீட்டர் 1.3 வோல்ட் காட்டியது, பார்த்தால் ஆரோக்கியமான எண்தான். ஆனால் மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமே இழுப்பதில்லை. வாட்சின் மோட்டார் ஒவ்வொரு விநாடியும் ஒரு கணம் இழுக்கும். உள்தடை ஏறிய செல்லில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் குப்புற விழும். ஒரு பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து அளந்தபோது 1.3 வோல்ட் கண்முன்னாலேயே வழுக்கிப் போனது. புதுச் செல்லில் அதே சோதனையில் எண் அசையவில்லை.

MT621-க்கும் அதே ஆபத்து உண்டு: 6.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட சாதாரண 364 செல் அதே அளவு. காது வெல்ட் செய்ததை வாங்கிப் போட்டேன். இங்கே ஆடும் தகடு இல்லாததால் வேலை இன்னும் சுருக்கம்: ஒரு பிடிப்பு, ஒரு திருகு.

ஈக்கோ-டிரைவ் இப்போது பீரோவுக்குள் போகவில்லை. சமையலறை ஜன்னலுக்கு எதிரே, சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. மனைவி கட்டினால் கட்டுவாள், இல்லாவிட்டால் ஜன்னல் பார்த்துக்கொள்ளும்.

மாமாவின் கைனெடிக்குக்கு ஜன்னல் உதவாது, யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதற்கும் ஒரு சோதனை வைத்தேன். மூன்று வாரம் கட்டிவிட்டு, கழற்றி மேசை டிராயரில் அசையாமல் வைத்தேன். பழைய கெப்பாசிட்டராக இருந்தால் ஒரு வாரத்தில் நின்றிருக்கும். பத்தாம் நாள் ஓடியது. முப்பதாம் நாள் ஓடியது. அறுபதாம் நாள் மாமா ஃபோன் செய்து, "டேய், வாட்ச் ரிப்பேரா இல்ல நீயே வெச்சுக்கிட்டியா?" என்று கேட்டார். டிராயரைத் திறந்து பார்த்தேன், ஒற்றை விநாடி நடையில் ஓடிக்கொண்டிருந்தது, நேரம் அரை நிமிடம் முந்தியிருந்தது. சோதனையை அத்தோடு முடித்துக்கொண்டு கூரியரில் அனுப்பிவிட்டேன். தினமும் கட்டச் சொல்லியிருக்கிறேன். யாராவது பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொன்னால் மூடியைத் திறக்கும் முன் எனக்கு ஒரு ஃபோன் போடவும் சொல்லியிருக்கிறேன்.